ஃபேன் போட்டால் லைட் மினுக்குகிறதா?

வீட்டில் எல்லா அறையிலும் லைட் ஒழுங்காக எரிகிறது. ஓர் அறையில் மட்டும், ஃபேன் சுவிட்சைத் தட்டியதும் லைட் ஒரு தரம் மங்கித் தெளிகிறது, அல்லது படபடவென்று மினுக்குகிறது. ‘வோல்டேஜ் கம்மி’ என்றோ, ‘ஃபேன் பழசு, ரொம்ப இழுக்குது’ என்றோ சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். வோல்டேஜ் குறைந்திருந்தால் வீடு முழுக்க மங்கியிருக்க வேண்டும். ஃபேன் எவ்வளவு இழுக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். 230 வோல்ட்டில் அது எடுக்கும் கரண்ட் ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. கிளம்பும்போது கொஞ்சம் கூடும். அரை ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மெயினிலிருந்து அந்த அறைக்கு 15 மீட்டர் தூரம், ஒயர் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால், போய்வரும் 30 மீட்டர் ஒயருக்கும் சேர்த்து மின்தடை அரை ஓம்தான். அந்த ஒயரில் ஃபேன் கிளம்பும் நேரத்தில் தொலையும் வோல்டேஜ் கால் வோல்ட். 230 வோல்ட் 229.75 ஆனால் எந்த லைட்டும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மங்காது.

கண்ணுக்குத் தெரிகிறதென்றால் கால் வோல்ட் இல்லை, பத்து, இருபது, முப்பது வோல்ட் எங்கோ தொலைகிறது. அரை ஆம்பியர் ஓடும்போது 30 வோல்ட் தொலைய வேண்டுமானால், வழியில் எங்கோ ஓரிடத்தில் 60 ஓம் மின்தடை இருந்தாக வேண்டும். நல்ல ஒயரில் அது கிடையாது. இறுக்கம் விட்டுப்போன, கறுத்துப்போன ஜாயிண்ட்டில் மட்டுமே உண்டு. தொலைகிற அந்த வோல்டேஜ் சூடாக மாறுகிறது. இந்தக் கணக்கில் அந்த நொடியில் 15 வாட், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் ஐந்து வாட்டுக்கு மேல். ரேடியோ ரிப்பேர்காரர் ஈயம் உருக்கும் சாலிடரிங் அயர்னே 25 வாட்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு சூடு, சுவருக்குள் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு முடிச்சில் மணிக்கணக்காகத் தேங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கோளாறை எம்.சி.பி. கண்டுபிடிக்காது. கரண்ட் அளவுக்கு மேல் போனால்தான் அது ட்ரிப் ஆகும். லூஸ் ஜாயிண்ட் கரண்ட்டைக் குறைக்கத்தான் செய்யும். ஆர்.சி.சி.பி.யும் கண்டுகொள்ளாது, ஏனென்றால் எர்த்துக்கு எதுவும் கசியவில்லை. லைட் மினுக்குவதுதான் வீடு நமக்குத் தரும் ஒரே முன்னெச்சரிக்கை.

சரி, அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: லைட்டும் ஃபேனும் எதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன?

லைட்டின் ஹோல்டர், லைட்டின் சுவிட்ச், அவற்றுக்கு இடையே போகும் ஒயர் ஆகியவற்றில் லைட்டுக்கான கரண்ட் மட்டுமே ஓடுகிறது. ஃபேன் கரண்ட் அங்கே போவதே இல்லை. ஆகவே ஹோல்டர் லூஸாக இருந்தால் லைட் மினுக்கும், ஆனால் ஃபேனின் கரண்ட் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. ஃபேனின் அதிர்வு மட்டுமே காரணமாகலாம். இரண்டு கரண்ட்டும் சேர்ந்து ஓடும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: மெயினிலிருந்து போர்டுக்கு வரும் ஃபேஸ் ஒயரின் முனை, போர்டுக்குள் ஒரு சுவிட்சிலிருந்து அடுத்த சுவிட்சுக்குப் போடும் லூப், அறையின் நியூட்ரல்கள் எல்லாம் ஒன்றுகூடும் ஜாயிண்ட். தேட வேண்டிய இடம் இவ்வளவுதான். எது என்பதை ஸ்குரூ டிரைவரைத் தொடாமலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஹோல்டர். ஃபேனை நிறுத்திவிட்டு லைட்டைப் போடுங்கள். காய்ந்த மரக் குச்சியால் பல்பின் பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள். மினுக்கினால் ஹோல்டர்தான். நம் வீட்டுப் பின் ஹோல்டருக்குள் இரண்டு பித்தளைப் பின்கள் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும். பழைய குண்டு பல்புகளின் சூட்டில் வருஷக்கணக்காக வெந்த ஸ்பிரிங் தளர்ந்துபோய், பின் பாதியிலேயே நின்றுவிடும். பல்பைக் கழற்றி அதன் அடியில் இருக்கும் இரண்டு ஈயப் பொட்டுகளைப் பாருங்கள். நல்ல தொடர்பு இருந்தால் வெள்ளையாகப் பளபளக்கும். லூஸ் என்றால் ஒரு பொட்டு மட்டும் கறுத்து, நடுவில் குழி விழுந்திருக்கும். அப்படியானால் பின்னை நெம்பி இழுத்துவிட்டுச் சமாளிக்க வேண்டாம், ஹோல்டரையே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ரெகுலேட்டர். ஃபேனை ஐந்தில் வைத்துப் போடுங்கள், பிறகு இரண்டில் வைத்துப் போடுங்கள். நடுவேகங்களில் மட்டும் லைட் தொடர்ந்து துடித்து, ஐந்தில் அடங்கிவிட்டால், அது பெரும்பாலும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரின் வேலை. எல்.இ.டி. பல்பு மலிவு ரகமாக இருந்தால் இது இன்னும் கூடும். வேறொரு நல்ல பல்பை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இது எரிச்சலான கோளாறு, ஆபத்தானது அல்ல.

ஐந்திலும் மினுக்குகிறது, பல்பை மாற்றியும் மினுக்குகிறது என்றால் மூன்றாவது சோதனைக்கு வாருங்கள். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, அதே போர்டில் உள்ள பிளக் பாயிண்ட்டில் டேபிள் ஃபேனை மாட்டிப் போடுங்கள். அப்போதும் லைட் மினுக்கினால், சீலிங் ஃபேன் மேல் குற்றமில்லை. பிளக் பாயிண்ட், லைட், ஃபேன் மூன்றுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. அதாவது போர்டுக்கு உள்ளேயோ, போர்டுக்கு வரும் ஒயரிலோ. டேபிள் ஃபேனுக்கு மினுக்காமல் சீலிங் ஃபேனுக்கு மட்டும் மினுக்கினால், லைட்டும் ஃபேனும் மட்டும் பங்குபோடும் நியூட்ரல் மேலே எங்கோ, ஜங்ஷன் பாக்ஸிலோ சீலிங் ரோஸிலோ தளர்ந்திருக்கலாம். இந்தச் சோதனைக்கு அயர்ன் பாக்ஸையோ ஹீட்டரையோ மாட்டாதீர்கள். அவை இழுக்கும் கரண்ட் ஃபேனைப்போல் பத்து மடங்குக்கு மேல். ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் ஜாயிண்ட்டை அது அங்கேயே கருக்கிவிடும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பின்னறையில் இதே கதைதான். ஹோல்டர் புதிது, பல்பு புதிது, ஃபேனுக்கு கண்டென்சர்கூட மாற்றியாகிவிட்டது. மினுக்கல் போகவில்லை. வந்த எலக்ட்ரீசியன் டேபிள் ஃபேனைக் கேட்டு வாங்கிப் பிளக்கில் மாட்டினார். லைட் மங்கியது. “அக்கா, ஃபேன்ல ஒண்ணும் இல்ல. போர்டுக்குள்ளதான் எங்கயோ லூஸ்” என்றார். மெயினை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு போர்டைக் கழற்றினார். சுவிட்சுகளுக்கு இடையே போட்டிருந்த ஃபேஸ் லூப்பை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஸ்குரூ எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. மிஞ்சியது நியூட்ரல்.

பெட்டியின் மூலையில் நான்கைந்து கறுப்பு ஒயர்கள் ஒரே முடிச்சாக முறுக்கி டேப் சுற்றிக் கிடந்தன. டேப் காய்ந்து ஓடாகியிருந்தது, உரித்தால் துண்டு துண்டாக உதிர்ந்தது. மற்ற ஒயர்களின் உறை அப்படியே இருக்க, ஒன்றின் உறை மட்டும் பழுப்பாகி, அரை அங்குலம் பின்வாங்கிச் சுருங்கியிருந்தது. அதன் செம்பு சிவப்பாக இல்லை, கரி பிடித்த நிறம். லேசாக இழுத்ததும் முடிச்சிலிருந்து நழுவிக் கையோடு வந்துவிட்டது. மெயினிலிருந்து வரும் நியூட்ரலே அதுதான். அறையின் மொத்தக் கரண்ட்டும் திரும்பிப் போக வேண்டிய ஒரே வழி. சில வருஷங்களுக்கு முன் செல்போன் சார்ஜருக்காகப் புதிதாக ஒரு பிளக் பாயிண்ட் வைத்திருக்கிறார்கள். அப்போது பழைய முடிச்சைப் பிரித்துப் புது ஒயரைச் செருகியவர், மறுபடி எல்லாவற்றையும் சேர்த்து முறுக்காமல் மேலோட்டமாகச் சுற்றி டேப் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். கரண்ட் ஓடும்போது செம்பு சூடேறி விரியும், நிறுத்தினால் குளிர்ந்து சுருங்கும். ஏற்கெனவே தளர்ந்த முடிச்சு தினமும் இப்படி இன்னும் கொஞ்சம் தளர்ந்து, கறுத்து, மின்தடை ஏறிக்கொண்டே போனது.

சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கறுத்த செம்பையும் வெந்த உறையையும் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டித் தள்ளினார். முடிச்சுக்குப் பதில், ஸ்குரூ வைத்த கனெக்டர் கட்டை ஒன்றை வைத்து, ஒயர் முனைகளை மடித்துச் செருகி இறுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். பிறகு மெயினைப் போட்டு, அதே டேபிள் ஃபேன், அதே லைட். அசைவில்லை. ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் ஓடவிட்டு, போர்டின் முகத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சூடில்லை என்பதே வேலை சரியாக முடிந்ததற்கு அத்தாட்சி.

பல்பைத் தட்டுவது, வேகத்தை மாற்றுவது, டேபிள் ஃபேன் மாட்டுவது வரை யாரும் செய்யலாம். போர்டைக் கழற்றுவதை எலக்ட்ரீசியனிடம் விட்டுவிடுங்கள். அதற்குக் காரணம் உண்டு. பழைய வயரிங்கில் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் போடப்பட்டிருப்பது சகஜம். அங்கே சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். நியூட்ரல் விட்டுப்போன அறையில், லைட் சுவிட்ச் போட்டிருந்தால், பல்பு வழியாக ஃபேஸ் வந்து நியூட்ரல் ஒயரிலும் நிற்கும். டெஸ்டர் இரண்டு ஒயரிலும் எரியும். நியூட்ரல்தானே என்று தொட்டால் ஷாக்தான். ஆகவே ஹோல்டர் மாற்றுவதானாலும் சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயினையே நிறுத்த வேண்டும். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் அதையும்.

சுவிட்சுக்குள் ‘கிர்’ரென்று சத்தம், பிளாஸ்டிக் கருகும் வாடை, போர்டில் சூடு, பழுப்புத் திட்டு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சோதனையெல்லாம் வேண்டாம். அந்த அறைக்கான எம்.சி.பி.யை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மங்குவதற்குப் பதில் லைட் திடீரென்று பிரகாசமாக எரிந்தாலோ, ஓர் அறையில் மங்கும்போது இன்னோர் அறையில் கூடினாலோ, கோளாறு அறைக்குள் இல்லை. த்ரீ ஃபேஸ் இணைப்பின் மெயின் நியூட்ரல் விடுகிறது என்று பொருள். அப்போது சில அறைகளுக்கு 230-ஐத் தாண்டி 300 வோல்ட்டுக்கு மேல்கூடப் போகலாம், டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் கருகிவிடும். உடனே மெயினை நிறுத்திவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மின்னகத்தின் எண் 94987 94987. மற்றபடி மங்கித் தெளியும் ஒற்றை அறைக்கு, எலக்ட்ரீசியன் வந்ததும் ஃபேனைக் கழற்றச் சொல்லாதீர்கள். முதலில் நியூட்ரல் ஜாயிண்ட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.