ஜூன் கணக்கு உதைத்த மூன்று இடங்கள்

கோவையில் பம்புசெட் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். ஜூன் மாதச் செலவுச் சுருக்கம் எக்செல்லில் ஒரே பக்கமாகத் தயாராகி, நிதி மேலாளரின் மேசைக்குப் போய்விட்டது. மொத்தம் 7,42,300 ரூபாய். ஜூலை 15-ஆம் தேதி காலை, அந்தப் பக்கத்தை டாலியில் இருக்கும் பேரேடுகளோடு வரிவரியாக ஒத்துப்பார்க்க உட்கார்ந்தார் கணக்காளர். மூன்று இடங்களில் கணக்கு உதைத்தது.

முதலில் சிக்கியது லாரி வாடகை. பேரேட்டில் 86,450, சுருக்கத்தில் 84,650. வித்தியாசம் 1,800. இப்படி ஒரு தொகை கிடைத்தால் அனுபவசாலிகள் உடனே அதை 9-ஆல் வகுத்துப் பார்ப்பார்கள். மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகம் வரும். 64 என்பது 46 ஆனால் குறைவது 18. எந்த இரண்டு இலக்கங்களை மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகவே இருக்கும். இங்கே 1,800-ஐ வகுத்தால் 200. டாலியில் பார்த்து எக்செல்லில் கையால் தட்டியபோது 6-ம் 4-ம் இடம் மாறிவிட்டன. ஆனால் ஒன்பதால் வகுபடுவது துப்பு மட்டும்தான், சாட்சி அல்ல. ஒரு பூஜ்யம் விட்டுப்போனாலும் வித்தியாசம் அப்படித்தான் வகுபடும். எதுவுமே நடக்காமல் தற்செயலாக வகுபடும் எண்களும் ஏராளம். பேரேட்டுத் தொகையை லாரி பில்களோடு கூட்டிப் பார்த்த பிறகே கணக்காளர் அதற்கு டிக் அடித்தார்.

இரண்டாவது, பழுதுபார்ப்புச் செலவு. கொஞ்சம் விவகாரமானது. மோட்டாருக்குக் காயில் கட்டிய ஒரு பட்டறையின் பில், 20,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டி 3,600 ரூபாயும், பேரேட்டில் இரண்டு முறை ஏறியிருந்தது. ஒன்றில் பில் எண் ST/0417. மற்றொன்றில் வெறும் 417. மின்னஞ்சலில் வந்த பில்லை ஒருவர் பதிந்திருக்கிறார். நான்கு நாள் கழித்து மோட்டாரோடு வந்த காகித பில்லை இன்னொருவர் பதிந்திருக்கிறார். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒரே எண். கணினிக்கோ அவை வேறு வேறு.

இரட்டைப் பதிவு என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிடலாமா? கூடாது. பட்டறைக்காரர் ஒரே ரேட்டில் இரண்டு மோட்டாருக்குக் காயில் கட்டியிருக்கலாம். வங்கிக் கணக்கில் 23,600 ஒரு முறைதான் போயிருக்கிறது, ஆனால் இரண்டாவது பில்லுக்கான பணம் இன்னும் பாக்கி என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். விற்றவர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை 14-ஆம் தேதிதான் வந்தது. அதிலும் ஒரு பில்தான். ஆனால் விற்றவர் ஒன்றை ஏற்றாமல் விட்டிருந்தாலும் அறிக்கை இப்படித்தான் இருக்கும். சந்தேகம் தீர்ந்தது வாட்ச்மேனின் கேட் ரிஜிஸ்டரில்: அந்த மாதம் காயில் கட்ட வெளியே போன மோட்டார் ஒன்றே ஒன்று.

மூன்றாவதில் யாரும் தப்பாகத் தட்டவில்லை. கூட்டலும் சரி. தொழிற்சாலைக்கான தீ விபத்து இன்சூரன்ஸ், ஜிஎஸ்டி நீங்கலாக 1,44,000 ரூபாய், ஜூன் 1-இல் கட்டப்பட்டது. மே 31 வரை அது செல்லும். அந்தப் பணம் முழுவதும் ஜூன் செலவாக உட்கார்ந்துவிட்டது. பன்னிரண்டு மாதத்துக்கான காவலில் ஜூனின் பங்கு 12,000 மட்டுமே. மீதி 1,32,000 முன்கூட்டிச் செலுத்திய செலவு, அதாவது இன்னும் அனுபவிக்காத சொத்து. வருடம் முடிந்தால் தானாகச் சரியாகிவிடாதா என்று கேட்கத் தோன்றும். ஆகாது. ஏப்ரல், மே மாதங்களின் 24,000 அடுத்த நிதியாண்டைச் சேர்ந்தது. இதே பிரீமியம் இரண்டாயிரம் மூவாயிரமாக இருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் பிரிக்க மெனக்கெடாமல் ஒரே மாதத்தில் எழுதிவிடும், அதில் பெரிய பிழையும் இல்லை. 1,44,000-ஐ அப்படி விட முடியாது.

இனி இதை மேலாளரிடம் சொல்ல வேண்டும். அநேகர் சறுக்குவது இங்கேதான். மூன்றையும் ஒன்றோடொன்று கழித்து, ‘மொத்தத்தில் 1,50,200 ரூபாய் அதிகம் காட்டப்பட்டுள்ளது’ என்று ஒரே வரியில் முடித்தால் கணக்கு என்னவோ சரிதான். ஆனால் லாரி வாடகை குறைவாகவும் மற்ற இரண்டும் கூடுதலாகவும் இருந்த விஷயம் அதில் மறைந்துபோகும். இன்னொரு சாரார் கண்டுபிடித்த வரிசையிலேயே கதை எழுதுவார்கள். மேலாளருக்கு அந்த வரிசை வேண்டாம், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதுதான் வேண்டும். தொகையில் பெரியது இன்சூரன்ஸ், ஆனால் அவசரம் அதற்கு இல்லை. ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள் 20. இரண்டாவது 3,600-க்கும் உள்ளீட்டு வரி வரவு எடுத்துப் பயன்படுத்திவிட்டால், பிறகு வட்டியோடு திருப்ப வேண்டிவரும். ஆகவே பட்டறை பில் முதலில் வந்தது.

கணக்காளர் எழுதிய குறிப்பு இது:

“வணக்கம் சார். ஜூன் செலவுச் சுருக்கத்தைப் பேரேட்டோடு ஒத்துப்பார்த்ததில் மூன்று வித்தியாசங்கள் தெரிகின்றன.

பழுதுபார்ப்பு: பில் ST/0417 இரண்டு முறை பதிவாகியுள்ளது. செலவு 20,000, உள்ளீட்டு வரி 3,600 கூடுதல். 2பி-யிலும் வங்கியிலும் ஒரு முறைதான் உள்ளது. கேட் ரிஜிஸ்டரும் அப்படியே. 20-ஆம் தேதிக்குள் நீக்க உங்கள் அனுமதி தேவை. பட்டறையிடம் இன்னும் கேட்கவில்லை, இன்று கேட்கிறேன்.

இன்சூரன்ஸ்: ஓராண்டுப் பிரீமியம் 1,44,000 முழுவதும் ஜூனில் உள்ளது. 12,000 போக 1,32,000-ஐ முன்கூட்டிச் செலுத்திய செலவுக்கு மாற்றலாம்.

லாரி வாடகை: 86,450 என்பது 84,650 எனத் தட்டப்பட்டுள்ளது. 1,800 குறைவு. பேரேடு சரி, சுருக்கத்தில் மட்டும் திருத்தம்.

மூன்றையும் திருத்தினால் மொத்தம் 7,42,300-க்குப் பதில் 5,92,100. பில், ரிஜிஸ்டர் நகல்கள் இணைப்பில்.”

யார் பதிந்தார்கள் என்பது இதில் இல்லை. டாலியைத் திறந்தால் அதையும் கண்டுபிடித்துவிடலாம்தான், ஆனால் 20-ஆம் தேதிக்குள் எடுக்க வேண்டிய முடிவுக்கு அது தேவைப்படவில்லை. ‘பட்டறையிடம் இன்னும் கேட்கவில்லை’ என்ற வரியை வேறு யாராவது எழுதியிருந்தால் விட்டிருப்பார்கள். சரிபார்த்தது எது, பாக்கி எது என்று பிரித்துக் காட்டுவது அந்த ஒரு வரிதான். அது இல்லாமல் கையெழுத்துப் போட்ட மேலாளர், பட்டறைக்காரர் பாக்கி கேட்டு போன் செய்தால் திண்டாடிப்போவார்.

திருத்தும் விதமும் மூன்றுக்கும் வேறு வேறு. லாரி வாடகைக்கு டாலியைத் தொடவே வேண்டாம், எக்செல்லில் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். பட்டறைப் பதிவை ஜூன் கணக்கு இன்னும் பூட்டப்படாமல் இருந்தால் ரத்து செய்யலாம், பூட்டியிருந்தால் எதிர்ப்பதிவு போட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், அடுத்த முறை பாக்கிப் பட்டியல் எடுக்கும்போது பட்டறையின் பெயரில் 23,600 நிற்கும், யாராவது ஒருவர் அதற்குச் செக் எழுதிவிடுவார்.

இன்சூரன்ஸுக்கு ஜூன் மாதத்தில் ஒரு ஜர்னல், பிறகு ஒவ்வொரு மாதமும் 12,000-க்கு ஒன்று. ஜூலைச் சுருக்கத்தில் அந்த 12,000 ஒரு வரியாக வரும், ஆனால் வங்கிக் கணக்கில் அதற்கு ஈடாக ஒரு பைசாவும் போயிருக்காது. ஆகஸ்டில் ஒத்துப்பார்க்க உட்காருபவர் அந்த வரியில் நின்றுவிடக் கூடாது என்று, பன்னிரண்டு மாதப் பங்கீட்டை எழுதிய தாளை ஜூலைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே கோத்து வைத்தார் கணக்காளர்.