டோக்கன் கொடுக்கும் முன் ஒரு கடிதம்

வீடு பிடித்துப்போய், விலையும் ஓரளவு படிந்துவிட்டால், அன்றைக்கே ஒரு லட்சத்தைக் கொடுத்துப் "பேசி முடிச்சாச்சு" என்று வந்துவிடுவது நம் ஊர் வழக்கம். காரியம் நடக்காமல் போனால் அந்தப் பணம் திரும்புமா என்று யாரும் கேட்பதில்லை. நல்ல நேரத்தில் அதைக் கேட்பது அபசகுனம் போலத் தோன்றுகிறது. அந்தச் சங்கடத்தைத் தவிர்க்கத்தான், பணம் கைமாறும் முன் வாங்குபவர் ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும்.

மதுரையில் ஒரு தனி வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா சம்பாதித்துக் கட்டியது. அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார், அம்மாவும் இல்லை. விற்பவருக்கு ஒரு தங்கை. கேட்கும் விலை 66 லட்சம், வாங்குபவர் தர முடிந்தது 62 லட்சம்.

குறைத்துக் கேட்பதில் தவறில்லை; அதற்காக வீட்டைக் குறை சொல்வதுதான் மனதைக் காயப்படுத்தும். அப்பா கட்டிய வீட்டில் ஓதம் ஏறியிருக்கிறது என்று எழுதினால் பேச்சு அங்கேயே முறியும். இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம். தங்கள் வீடு எங்கள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. எங்கள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்துப் பார்த்ததில் 62 லட்சம் ரூபாய் வரை எங்களால் தர முடியும். விலை 50 லட்சத்துக்குக் குறையாததால் சட்டப்படி ஒரு சதவீதம், அதாவது 62,000 ரூபாயை, வருமான வரியாகப் பிடித்துத் தங்கள் பான் எண்ணில் செலுத்துவோம்."

வரி விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிரயம் பதியும் நாளில் தொகை குறைகிறது என்று அவர் அறிந்தால், ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார்.

அடுத்தது டோக்கன். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் முன்பணத்தை ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விழலாம். எனவே வங்கி வழியாக அனுப்புவதாக எழுதுவது அவருக்கும் பாதுகாப்பு. முன்பணத்தைப் பறிமுதல் செய்ய வேண்டுமானால் ஒப்பந்த வாசகம் தெளிவாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் இதற்காக வழக்கு வரை போவானேன்? கடிதத்திலேயே ஒரு வரி போதும்:

"தாங்கள் சம்மதித்ததும் ஒரு லட்சம் ரூபாயைத் தங்கள் கணக்கில் செலுத்துகிறோம். இது விலையில் கழிக்கப்படும். கீழ்க்கண்ட நிபந்தனைகள் நிறைவேறாமல் போனால் 15 நாளில் முழுவதும் திருப்பித் தர வேண்டுகிறோம். காரணமின்றி நாங்களே பின்வாங்கினால் திருப்பித் தர வேண்டியதில்லை."

கடைசி வாக்கியம் முக்கியம். தன் பக்கத்துப் பொறுப்பையும் ஒப்புக்கொள்பவரைத்தான் விற்பவர் நம்புவார்.

நிபந்தனைகள் இரண்டு போதும். முதலாவது கடன். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன்களுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். விலை 62 லட்சம் என்று கணக்கிட்டால் 49.6 லட்சம் கிடைக்கும். வங்கியின் மதிப்பீட்டாளர் 56 லட்சம்தான் என்றால் கடன் 44.8 லட்சமாகிவிடும். துண்டு விழும் 4.8 லட்சத்தால் டோக்கன் இழந்தவர்கள் உண்டு. ஆகவே "கடன் கிடைத்தால்" என்று பொதுவாக எழுதாமல், "குறைந்தது 48 லட்சம் கடன் அனுமதியானால்" என்று தொகையைச் சொல்லுங்கள்.

இரண்டாவது தங்கையின் பங்கு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்குச் சரிபாதி உண்டு. இதைக் கேட்டால் விற்பவர் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைக்கக்கூடும். அதனால் பொறுப்பை வக்கீல் மேல் வைத்து எழுதலாம்: "வாரிசுச் சான்றின்படி தங்கள் தங்கையும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது முன்னதாக விடுதலைப் பத்திரம் பதிந்து தர வேண்டும் என்று எங்கள் வக்கீல் சொல்கிறார். அவர்களுக்கு வசதியான நாளில் நாங்கள் நேரில் வந்து பேசவும் தயார்."

காலக்கெடுவைத் தேதியாகவே குறிப்பிடுங்கள். பதிலுக்கு ஏழு நாள், மூலப் பத்திரம், பட்டா நகல்கள் தர ஒரு வாரம், வில்லங்கம் பார்த்து வக்கீல் கருத்துச் சொல்ல மூன்று வாரம், கிரயத்துக்கு மூன்று மாதம் என்பது ஓரளவு நியாயமான கணக்கு. வக்கீல் சரி என்றதும் விற்பனை ஒப்பந்தம் போட வேண்டும். இந்தக் கடிதம் அதற்கு ஈடாகாது. தமிழ்நாட்டில் அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 முதல் கட்டாயம்.

அவர் சம்மதித்தால் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். "64 என்றால் தருகிறேன்" என்று பதில் வந்தால் சட்டத்தின் பார்வையில் அது புதிய விலைப்பேச்சு. உங்கள் 62 அத்தோடு முடிந்தது. 63-க்குப் படிந்தால் வரித்தொகை, கடன் தொகை, தேதிகள் எல்லாவற்றையும் மாற்றிக் கடிதத்தைப் புதிதாக எழுதி, அதில் கையெழுத்தான பிறகே டோக்கனை அனுப்புங்கள்.