பத்து மாணவர்கள், நாலு மதிப்பெண்

ஒன்பதாம் வகுப்பில் பத்துப் பேருக்கு மாலையில் இயற்கணிதத் தனி வகுப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொடங்கும் முன் நூறு மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு, ஆறு வாரம் கழித்து அதே தரத்தில் இன்னொன்று. பி.எட்., எம்.எட். ஆய்வேடுகளில் இவற்றை முன்தேர்வு, பின்தேர்வு என்பார்கள். முன்தேர்வின் சராசரி 58, பின்தேர்வின் சராசரி 62. நாலு மதிப்பெண் கூடியிருக்கிறது. இது நிஜமான ஏற்றமா, இல்லை ஒரே பையனை இரண்டு முறை உட்காரவைத்தாலே வருகிற சாதாரண ஏற்ற இறக்கமா? தலைமையாசிரியர் கேட்கப்போகிற கேள்வி இதுதான்.

மதிப்பெண்களை வரிசை எண் மாறாமல் எழுதிப் பார்க்கலாம்.

முன்தேர்வு: 35, 42, 48, 51, 55, 60, 63, 68, 74, 84
பின்தேர்வு: 41, 46, 57, 54, 53, 67, 68, 72, 75, 87

இதைப் பார்க்க இரண்டு வழி உண்டு. முதல் வழியில், பத்து மதிப்பெண் கொண்ட இரண்டு தனித்தனிக் குவியல்களாக எண்ணிச் சராசரிகளை ஒப்பிடலாம். இரண்டு வெவ்வேறு பள்ளிகளை ஒப்பிடும்போது செய்கிற கணக்கு அது. அதற்கான டி சோதனையைச் செய்தால் விடை 0.61 வரும். இவ்வளவு பேருக்கு, நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான வரம்பில், குறைந்தது 2.10 வேண்டும். ஆகவே ஏற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை என்று கோப்பை மூடிவிடலாம்.

அப்படி மூடினால் தவறு. 35 வாங்கியவருக்கும் 84 வாங்கியவருக்கும் இடையில் இருக்கும் தூரம், தனி வகுப்பு வருவதற்கு முன்பே இருந்தது. அது நம் கேள்வியே இல்லை. ஆனால் முதல் வழியில் அந்தத் தூரம் முழுவதும் கணக்கின் உள்ளே வந்துவிடுகிறது. இரண்டு குவியல்களிலும் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பதினான்கு, பதினைந்து அளவுக்குச் சிதறிக் கிடக்கும்போது, நாலு மதிப்பெண் ஏற்றம் அந்தச் சிதறலுக்குள் காணாமல் போகிறது.

இரண்டாவது வழிதான் இணை டி சோதனை. கல்லூரிகளில் ‘பெயர்டு டி டெஸ்ட்’ என்றே புழங்குகிறது. ஒவ்வொரு மாணவரின் பின்தேர்விலிருந்து அவருடைய முன்தேர்வைக் கழித்துவிட வேண்டும். வருகிற வித்தியாசங்கள் இவை: 6, 4, 9, 3, −2, 7, 5, 4, 1, 3. இனி இருபது மதிப்பெண்களை மறந்துவிடலாம். கையில் இருப்பது இந்தப் பத்து எண்கள் மட்டுமே. யார் கெட்டிக்காரர், யார் சுமார் என்பது கழித்தலிலேயே கரைந்துவிட்டது. ஒவ்வொருவரும் தமக்குத் தாமே அளவுகோல் ஆகிவிட்டார்.

மிச்சக் கணக்கு சின்னது. வித்தியாசங்களின் சராசரி 4. ஒவ்வொரு வித்தியாசமும் இந்த நாலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, வர்க்கப்படுத்திக் கூட்டினால் 86. அதை 9-ஆல் (பத்துப் பேரில் ஒன்று குறைத்து) வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 3.09; இது வித்தியாசங்களின் திட்ட விலக்கம். இதைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.98. இந்த வகுப்பைப் போலவே பல வகுப்புகளில் இதையே செய்தால், சராசரி ஏற்றம் வகுப்புக்கு வகுப்பு ஏறத்தாழ இந்த அளவுக்கு ஆடும். நாலை இந்த ஆட்டத்தால் வகுத்தால் 4.09. அதுதான் டி. அட்டவணையில் 9-க்கு நேரே உள்ள எல்லை 2.26. நம் விடை அதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது.

மதிப்பெண்கள் அதே மதிப்பெண்கள்தான். ஒரு கணக்கு 0.61 சொல்கிறது, இன்னொன்று 4.09 சொல்கிறது.

என்னைக் கேட்டால், அறிக்கையில் டி-யை மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. 0.98-ஐ 2.26-ஆல் பெருக்கினால் 2.2. நாலிலிருந்து அதைக் கழித்தும் கூட்டியும் பார்த்தால், உண்மையான ஏற்றம் சுமார் 1.8-க்கும் 6.2-க்கும் இடையில் எங்கோ இருக்கும் என்று சொல்லலாம். ஆறு வார உழைப்புக்கு இரண்டு மதிப்பெண் போதுமா என்பது புள்ளியியல் முடிவு செய்கிற விஷயம் அல்ல. பள்ளிதான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் கணக்கின் மூலவர் வில்லியம் சீலி கோசெட், டப்ளின் நகரத்து கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். ஆலைக்காரர்கள் சொந்தப் பெயரில் ஆய்வுகளை வெளியிட விடாததால் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார். 1908-இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் வந்த அவருடைய கட்டுரையில் முதல் உதாரணமே இணைக் கணக்குதான். பத்து நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, தூக்கம் எத்தனை மணி கூடியது என்று பார்த்த பழைய தரவு அது. ஒவ்வொருவரிடத்தும் இரண்டாவது மருந்து முதலாவதைவிட எவ்வளவு கூடுதல் தூக்கம் தந்தது என்று கழித்தால் சராசரி 1.58 மணி. இன்றைய முறைப்படி டி 4.06. அதையே இரண்டு தனிக் குவியலாகப் போட்டால் 1.86, எல்லைக்குக் கீழே. நூறு வருஷத்துக்கு மேலாகியும் புள்ளியியல் மாணவர்கள் இந்தப் பத்துப் பேரின் தூக்கத்தை வைத்துத்தான் இணைக் கணக்கைக் கற்கிறார்கள்.

எந்தச் சோதனை என்பதை முடிவு செய்ய ஒரே கேள்வி போதும்: இந்த மதிப்பெண்ணுக்கு எதிரே அந்தப் பட்டியலில் எந்த மதிப்பெண் என்று விரல் வைத்துக் காட்ட முடியுமா? முடிந்தால் இணைச் சோதனை. ‘அ’ பிரிவு, ‘ஆ’ பிரிவு என்று வெவ்வேறு மாணவர்கள் என்றால், இரு பக்கமும் முப்பது முப்பது பேர் இருந்தாலும் அது ஜோடி ஆகாது. பெயர் எழுதாமல் தேர்வு வைத்துவிட்டால், அதே மாணவர்களே எழுதியிருந்தாலும் ஜோடி தொலைந்துவிட்டது. அந்தத் தரவை வைத்து இந்தக் கணக்கைச் செய்ய வழியில்லை. முன்தேர்வு எழுதிப் பின்தேர்வுக்கு வராதவர்களுக்கும் ஜோடி கிடையாது. அவர்களை விட்டுவிட்டுத்தான் கணக்குப் போட முடியும். ஆனால் வராமல் போனவர்கள் பெரும்பாலும் சிரமப்படுகிற பிள்ளைகள் என்றால், மிச்சப்பேரின் ஏற்றம் வகுப்பின் ஏற்றம் ஆகாது.

கணினியில் இது ஒரே வரி. முன்தேர்வு B நிரலிலும் பின்தேர்வு C நிரலிலும் இருந்தால் எக்செலில் இப்படி எழுதலாம்:

```
=T.TEST(B2:B11,C2:C11,2,1)
```

கடைசியில் உள்ள 1 தான் இணைச் சோதனை என்பதைச் சொல்கிறது. அங்கே 2 அல்லது 3 போட்டால் தனிக் குவியல் கணக்கு ஆகிவிடும். இந்தக் கட்டளை டி-யைத் தராது. ஏற்றமே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய டி தற்செயலாக வருவதற்கான நிகழ்தகவைத் தரும். நம் பத்துப் பேருக்கு அது சுமார் 0.003.

கட்டளையைவிட ஆபத்தானது, மதிப்பெண்ணை வரிசைப்படுத்துவது. இறங்குவரிசையோ ஏறுவரிசையோ, யாராவது ஒரு நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டால், ஒருவர் முன்தேர்வுக்கு எதிரே இன்னொருவர் பின்தேர்வு வந்து நிற்கும். நம் பின்தேர்வு நிரலை ஏறுவரிசையில் அடுக்கிப் பார்த்தேன். சராசரி அதே 62; வித்தியாசத்தின் சராசரியும் அதே நாலு. ஆனால் டி 4.09-லிருந்து 6.93-க்குத் தாவுகிறது. இரண்டு மதிப்பெண் இறங்கிய அந்த ஒரு மாணவர் பட்டியலிலிருந்தே மறைந்துவிடுகிறார். விடை மோசமாக வந்தால் யாராவது சந்தேகப்படுவார்கள். இது நன்றாக வருவதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வித்தியாசங்கள் நம்ப முடியாத அளவுக்கு ஒழுங்காக இருந்தாலோ, ஒருவர்கூட இறங்கவில்லை என்றாலோ, இரண்டு மூன்று விடைத்தாள்களை எடுத்து வரிசை எண்ணோடு ஒத்துப் பார்ப்பது நல்லது.

மதிப்பெண்கள் மணி வடிவ வளைவில் பரவியிருக்க வேண்டும் என்று பல ஆய்வேடுகளில் முன்தேர்வையும் பின்தேர்வையும் தனித்தனியே சோதித்து வைத்திருப்பார்கள். தேவையில்லாத வேலை. இந்தச் சோதனை பார்ப்பது வித்தியாசங்களை மட்டுமே. அவைதான் ஓரளவுக்கு ஒழுங்காகப் பரவியிருக்க வேண்டும். ஒரே ஒரு எண் துள்ளினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 48-லிருந்து 57-க்குப் போன மூன்றாவது மாணவர், 97-க்குப் போனார் என்று மாற்றுங்கள். சராசரி ஏற்றம் நாலிலிருந்து எட்டாகிறது. ஆனால் திட்ட விலக்கம் 14.6-க்கு ஏறி, டி 1.73-க்கு விழுந்து எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. ஏற்றம் இரட்டிப்பானது, நிரூபணம் கைவிட்டுப் போனது. முதலில் அந்த 97 நிஜமா, 57-ஐத் தவறாக ஏற்றியதா என்று பாருங்கள். நிஜம்தான் என்றால், அளவைப் பார்க்காமல் தரவரிசையை மட்டும் பார்க்கும் வில்காக்ஸன் சோதனைக்குப் போகலாம். பத்தில் ஒன்பது பேர் ஏறியிருக்கிறார்கள் என்பதை அது தெளிவாகவே காட்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், சோதனை சொல்வது மதிப்பெண் ஏறியது என்பதை மட்டும்தான். ஏன் ஏறியது என்பதில் அதற்குப் பங்கில்லை. 1930-இல் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயரில் இருபதாயிரம் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய பால் சோதனை நடந்தது. பாதிப் பேருக்குப் பால், பாதிப் பேருக்கு இல்லை. பிப்ரவரியில் ஒரு முறையும் ஜூனில் ஒரு முறையும் எடை பார்த்தார்கள். உடுத்த துணியோடு எடை பார்த்தார்கள் என்பதுதான் வம்பு. பிப்ரவரி கடுங்குளிர், ஜூனில் துணி லேசானது. 1931-இல் அதே கோசெட் இதைக் கிழித்துத் தொங்கவிட்டார். குளிர்காலத்துக் கனத்த உடை இல்லாத ஏழைப் பிள்ளைகளின் எடை குறைவாகவே குறையும். போதாததற்கு, மெலிந்த பிள்ளைகளைப் பார்த்து இரக்கப்பட்ட ஆசிரியர்கள், அவர்களைப் பால் பக்கமே சேர்த்திருக்கவும் வாய்ப்பிருந்தது. ஐம்பது ஜோடி ஒத்த இரட்டையரை எடுத்து ஒருவருக்குப் பாலும் மற்றவருக்கு இல்லாமலும் பார்த்திருந்தால், மிகக் குறைந்த செலவில் நம்பகமான விடை கிடைத்திருக்கும் என்றார் அவர். அங்கேயும் ஜோடிதான்.

வகுப்பறையில் அந்தக் கனத்த துணியின் இடத்தில் வேறு பல வரும். பின்தேர்வுத் தாள் கொஞ்சம் சுலபமாக இருக்கலாம். ஒரே மாதிரிக் கேள்வியை இரண்டாம் முறை பார்க்கிற பழக்கமே இரண்டு மூன்று மதிப்பெண் தரலாம். மெல்லக் கற்போர் என்று குறைந்த மதிப்பெண்காரர்களை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தால் சிக்கல் இன்னும் பெரிது: அன்று காய்ச்சலோடு எழுதியவர்களும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள், மறுமுறை எதுவும் செய்யாமலே அவர்கள் மதிப்பெண் மேலே வரும்.

ஆகவே முடிந்தால், தனி வகுப்புக்கு வராத இன்னொரு பத்துப் பேருக்கும் அதே இரண்டு தேர்வுகளை வைக்க வேண்டும். பிறகு அவர்களுக்கு ஒரு இணைச் சோதனை, நம்மவர்களுக்கு ஒரு இணைச் சோதனை என்று தனித்தனியே செய்து, ‘எங்களுடையது தேறியது, அவர்களுடையது தேறவில்லை’ என்று எழுதுவது செல்லாது. இரு பக்கமும் ஒவ்வொரு மாணவரின் ஏற்றத்தையும் கழித்து எடுத்து, அந்த இரண்டு ஏற்றப் பட்டியல்களைச் சாதாரண டி சோதனையில் ஒப்பிட வேண்டும். அங்கே மாணவர்கள் வேறு வேறு என்பதால் ஜோடி கிடையாது. அந்தப் பத்துப் பேரும் இதே மாதிரிச் சிதறலோடு சராசரியாக மூன்று மதிப்பெண் ஏறியிருந்தால், தனி வகுப்பின் கணக்கில் மிஞ்சுவது ஒரே ஒரு மதிப்பெண். அதன் டி சுமார் 0.7.