பசியைக் கேள்வியாக்கிய பெண்கள்

அமெரிக்காவில் எத்தனை பேர் பட்டினி கிடக்கிறார்கள்? இதற்கு உறுதியான விடை தர முடியவில்லை என்று ரீகன் அரசு அமைத்த குழு 1984இல் கைவிரித்தது. எதைப் பசி என்று கணக்கெடுப்பது என்பதிலேயே அப்போது தெளிவில்லை.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேத்தி ரேடிமர் என்ற ஆய்வாளர் வினாத்தாளோடு புறப்படவில்லை. நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், பசியை அறிந்த 32 ஏழைப் பெண்களிடம் முதலில் பேசினார். பசி என்றால் காலி வயிறு என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. கையில் காசு வருவதற்குள் வீட்டுச் சாமான் தீர்ந்துவிடுமோ என்ற கவலை, அலுக்க அலுக்க ஒரே மலிவான சாப்பாடு, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத் தான் குறைத்துக்கொள்வது, சாப்பாட்டுக்காகப் பிறரிடம் போய் நிற்கும் கூச்சம் என்று எல்லாமே அதில் அடங்கியிருந்தன.

நேர்காணலில் தொடங்கி வினாத்தாளில் முடியும் இந்த ஆய்வுமுறையில் சிக்கலான இடம் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைத் தலைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சில கேள்விகள் எழுத வேண்டும். அந்தப் பெண்கள் சொன்ன தொனியிலேயே எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ‘வாங்கிய சாப்பாடு போதவில்லை, மேலும் வாங்கக் காசில்லை’ என்ற வாக்கியம் எவருக்கும் புரியும். ‘உங்கள் குடும்பத்தில் உணவுப் பற்றாக்குறை நிலவுகிறதா?’ என்று மெருகேற்றினால், ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள். ‘கவலைப்பட்டுக் குறைவாகச் சாப்பிட்டீர்களா?’ என்று இரண்டை ஒன்றாகக் கேட்பது இன்னொரு பிழை. கவலை மட்டும் பட்டவர் என்ன பதில் சொல்வார்? சிலரிடம் கேள்வியை வாசித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று விசாரித்தாலே இவை அகப்பட்டுவிடும்.

அடுத்த கட்டத்துக்குப் புது ஆட்கள் வேண்டும். கேள்வி யார் வாயிலிருந்து பிறந்ததோ அவர்களிடமே அதைக் கேட்டால் பொருந்தத்தான் செய்யும்; மற்றவர்களுக்கும் பொருந்துமா என்பது தெரியாது. ரேடிமரின் கேள்விகளுக்கு 189 பெண்கள் பதில் அளித்தார்கள். எந்தப் பதில்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று கணக்கிட்டபோது, கேள்விகள் மூன்று கொத்தாகப் பிரிந்தன: குடும்பத்தின் பசி, பெண்ணின் பசி, குழந்தையின் பசி. ஒரே வீட்டில் பசி எல்லோரையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை என்று நேர்காணலில் கேட்டது, இப்போது எண்களிலும் தெரிந்தது. எந்தக் கொத்திலும் சேராத கேள்வி இருந்தால், அதைத் தூக்கிப் போடும் முன் பழைய நேர்காணல்களை மறுபடி படிக்க வேண்டும். கேள்வியை எழுதிய விதம் தவறா, கருத்தே வேறா என்பது அங்கேதான் தெரியும்.

1995இல் அமெரிக்க அரசு தொடங்கிய உணவுப் பாதுகாப்புக் கணக்கெடுப்பின் 18 கேள்விகளில் சில, இந்தப் பெண்களின் பேச்சிலிருந்து வந்தவை. ஆனால் பிறரிடம் போய் நிற்கும் அந்தக் கூச்சத்துக்கு அந்தப் பதினெட்டில் இடமில்லை. அன்னதான மையத்துக்குப் போவதும் கடன் கேட்பதும், பசியின் கடுமையைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை; பக்கத்தில் என்ன உதவி கிடைக்கிறது என்பதையும் பொறுத்தவை. அதனால் ஒரே அளவுகோலில் அவற்றை வரிசைப்படுத்துவது கடினம்.