பெயருக்கு முதல் எழுத்து

குழந்தை பிறந்ததும், "என்ன எழுத்துல பேர் வைக்கணும்?" என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார்களே, அந்த எழுத்து எப்படி வருகிறது தெரியுமா நேயர்களே?

நிலா ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதை நான்கு பாதங்களாகப் பிரித்து, பாதத்துக்கு ஓர் எழுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு பாதம் சுமார் ஆறு மணி நேரம். ரோகிணி இரண்டாம் பாதத்தில் பிறந்தால் 'வ'. வனஜா என்று வைக்கலாம். சில மணி நேரம் தாமதித்து மூன்றாம் பாதத்தில் பிறந்தால் 'வி'. அப்போது விமலா! பாதம் மாறும் நேரத்தை ஒட்டிப் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நேரத்தைச் சரியாகக் குறிக்காவிட்டால் எழுத்தே மாறிவிடும்.

சரி, திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு என்ன எழுத்து? 'ங'! அதில் தொடங்கும் பெயருக்கு எங்கே போவது? இந்த எழுத்துகள் வடமொழி ஒலிகளை வைத்து அமைந்தவை. தமிழுக்கு எல்லாம் பொருந்துவதில்லை. அதனால் பல வீடுகளில் அதே நட்சத்திரத்தின் முதல் பாதத்து 'கு'வை எடுத்துக்கொண்டு, குமரன் என்றோ குமுதா என்றோ வைத்துவிடுகிறார்கள். ஜோசியரும் பெரும்பாலும் மறுப்பு சொல்வதில்லை.