பூனையை எங்கே கொண்டுபோய் விடுவது?

வீட்டுப் பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் பூனையைத் துரத்தப் பார்க்கும் குடும்பங்கள் உண்டு. காரணம் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. பயம் நியாயம்தான், ஆனால் பழி முழுக்கப் பூனை மேல் விழுவது சரியில்லை.

எலி, கோழி, ஆடு, மனிதர் என எந்த உடம்பிலும் இந்த ஒட்டுண்ணி தங்கும். தசையிலும் மூளையிலும் சிறு உறைகளுக்குள் ஒடுங்கி ஆயுள் முழுக்கக் கிடக்கும். நாமெல்லாம் அதற்கு இடைநிலை விருந்தோம்பிகள். ஆண், பெண் செல்களாகப் பிரிந்து அது இனம் பெருக்குவது பூனைக் குடும்பத்து விலங்குகளின் குடலில் மட்டுமே என்பதால், பூனை இறுதி விருந்தோம்பி. லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பை மாற்றும் நொதி பூனைக் குடலில் வேலை செய்வதில்லை. தேங்கும் அந்தக் கொழுப்புதான் ஒட்டுண்ணிக்கு அழைப்பு. 2019-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் அதே நொதியைத் தடுத்து, அந்த அமிலத்தையும் ஊட்டினார்கள். பூனையில் மட்டும் நடப்பது சுண்டெலிக் குடலிலும் நடந்தது!

எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று முதன்முறை தொற்றிய பூனை, ஒன்றிரண்டு வாரம் மலத்தில் கோடிக்கணக்கில் முட்டையுறைகளை வெளியேற்றும். பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். புதிய மலம் தொற்றாது. உறை முதிர ஒரு நாளாவது ஆகும். எனவே மலத்தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். முதிர்ந்த உறையோ ஈர மண்ணில் பல மாதம் தாங்கும். கழுவாத கீரை, கையுறையில்லாத தோட்டவேலை, வேகாத கறி ஆகியவைதான் மடியில் படுக்கும் பூனையைவிடக் கவலைக்குரியவை.

தாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கழுத்தில் நெறி கட்டினால் உண்டு. கர்ப்பத்துக்கு வெகுமுன்பே தொற்று வந்திருந்தால், பொதுவாகத் தாயின் எதிர்ப்புசக்தி குழந்தையைக் காக்கும். கர்ப்பத்தின்போது முதன்முறை வந்தால்தான் சிக்கல். தொடக்க மாதங்களில் நஞ்சுக்கொடியைத் தாண்டுவது அரிது. தாண்டினால் கரு கலையலாம், தலையில் நீர் கோக்கலாம், விழித்திரை கெடலாம். கடைசி மாதங்களில் எளிதாகத் தாண்டும், பாதிப்பு லேசாக இருக்கும். ஆனால் நலமாகப் பிறந்த பிள்ளைக்குக் கண் நோய் பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டக்கூடும்.

பத்தாவது வாரத்தில் ஒரு பெண்ணுக்கு 'டார்ச்' பரிசோதனையில் ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் பாசிட்டிவ் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். வீடே கலங்கிவிடும். ஆனால் புதுத் தொற்றைக் காட்டுவதாகக் கருதப்படும் ஐஜிஎம், ஓராண்டுக்கு மேலும் இரத்தத்தில் நிற்பதுண்டு. அடுத்துச் செய்ய வேண்டியது அவிடிட்டி பரிசோதனை. எதிர்ப்பொருள் கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்பதை அது அளக்கும். நாளாக ஆகப் பிடி இறுகும். அவிடிட்டி அதிகமென்றால் தொற்று வந்து குறைந்தது மூன்று நான்கு மாதமாவது ஆகியிருக்கும், அதாவது கரு உருவாகும் முன்பே. குறைவாக இருந்தால் மட்டும் அது புதுத் தொற்று என்று முடிவுகட்டிவிட முடியாது. சிலருக்குப் பிடி இறுக வெகுகாலம் பிடிக்கும். அப்போது மருத்துவர் ஸ்பைராமைசின் தொடங்கி, 18 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துப் பிசிஆர் செய்து, குழந்தைக்குத் தொற்று போயிருக்கிறதா என்று பார்ப்பார்.