போன் கமராவானால் டேட்டா கூடுமா?

கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கும் மாணவர் பலருக்கு இணையம் போன் வழியேதான். அதே போனை மடிக்கணினிக்குக் கமராவாக்கினால் டேட்டா இரட்டிப்பாகுமா? ஆகாது. வயரிலோ ஒரே வைஃபையிலோ போனிலிருந்து மடிக்கணினிக்குப் போகும் படம் இணையத்துக்குள் போவதே இல்லை. அழைப்புக்குரிய டேட்டா மட்டுமே செலவாகும்.

ஆனால் வைஃபையில் படத்தைச் சுருக்கி அனுப்பி மீண்டும் விரிப்பதற்குள் குரல் முந்திவிடும். உதடு பிந்தி அசையும். ஹொட்ஸ்பொட்டும் அதே வைஃபையில் ஓடினால் தடுமாற்றம் கூடும். அதனால் படத்துக்கு வயரே நல்லது. அன்ட்ரொயிட் 14 உள்ள சில போன்களில் தனிச் செயலியும் வேண்டாம். வயரைச் செருகி, யூ.எஸ்.பி அமைப்பில் 'Webcam' என்பதைத் தெரிவுசெய்தால் போதும். அங்கே ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் நடக்கும். எனவே இணையத்தை வயரில் அல்லாமல் ஹொட்ஸ்பொட்டில் கொடுங்கள். சார்ஜ் ஏறியும் யூ.எஸ்.பி தெரிவுகள் வரவில்லையா? முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். சில மலிவு வயர்களுக்குள் தரவுக் கம்பியே இருக்காது.